ஸ்ட்ரெங்த் இருந்தது

சிவராமகிருஷ்ணன் என்ற பெயரில் தங்களுக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டு, லேக் மார்க்கெட் வட்டாரத்து வங்காளிகள் அவரை ராமகிருஷ்ண பாபு என்றே கூப்பிட்டார்கள். அவரிடம் பக்தி எதுவும் கிடையாது. முன்கோபமும் ஒரு ஸ்பானரும்தான் உண்டு. ஹோட்டல்களிலும் கம்பெனி விருந்தினர் மாளிகைகளிலும் டிஷ் ஆண்டெனா நிறுவும் ஒரு சின்னக் கம்பெனியில் அவர் டெக்னீஷியன். எண்பத்தெட்டில் கல்கத்தாவில் அந்த வேலை தெரிந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அந்தத் திமிர் அவருக்கு நிறையவே இருந்தது.

அவர் கையால் செய்த மீட்டர் ஒன்று உண்டு. பழைய டிபன் டப்பாவில் இரண்டு டயல்கள். முதல் டயல் ஸ்ட்ரெங்த். ஆண்டெனாக் கிண்ணத்தில் விழுகிற சக்தியையெல்லாம் அது மொத்தமாகக் காட்டும். வேண்டியது வேண்டாதது என்று பேதம் பார்க்காது. இரண்டாவது குவாலிட்டி. இரைச்சலுக்கு மேலே நமக்கு வேண்டிய சிக்னல் எத்தனை டெசிபல் நிற்கிறது என்று சொல்லும். எட்டுக்கு மேலே போனால் படம். குறையக் குறையத் திரையில் பொரி பொரியாகத் தெறிக்கும். நாலுக்குக் கீழே வெறும் பொரிதான்.

"ஸ்ட்ரெங்த்தை மட்டும் பார்த்து நட்டை முடுக்கறவன் முட்டாள்" என்று கம்பெனியில் எல்லோரையும் திட்டுவார். திட்டு வாங்காத ஆள் அங்கே கிடையாது.

அந்த வருஷம் மாசியில் மனைவி காமுவுக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்தது. முற்றிவிட்டது, ஆடியைத் தாண்டினால் அதிசயம் என்று டாக்டர் சொன்னார். ஒரே பெண் மீனாக்ஷிக்கு அடுத்த வாரம் மாஸ்கோ பயணம்; நடனக் குழுவோடு ஐந்து மாதம். காமு கணவரின் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"அவகிட்டே மூச்சு விடப்படாது. தெரிஞ்சா போக மாட்டா."

மூச்சு விடவில்லை அவர். பெண் போனாள். காமு தன் கூறைப் புடவையை வெட்டித் தைத்த அரக்கு நிற நடன உடையும் பெட்டியில் போனது.

சித்திரையில் கடிதம் வந்தது. மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை மாஸ்கோ டெலிவிஷனில் அவர்கள் நடனத்தைக் காட்டுகிறார்களாம். நம் நேரம் மாலை நாலரை. காமு அதைப் படித்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டவை சொற்பம்.

ஒரு ஹோட்டல் கழித்துப்போட்ட பன்னிரண்டு அடிக் கிண்ணத்தைக் கம்பெனியில் கெஞ்சி வாங்கி, மொட்டை மாடிக்கு ஏற்றினார் அவர். வீட்டுக்கார ஹால்தார் பாபு, அதில் ஃபுட்பால் மேட்ச் தெரியுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டு அனுமதி கொடுத்தார். ரஷ்ய சாட்டிலைட் தெற்கே சற்றுக் கிழக்கு தள்ளி, அறுபத்திரண்டு டிகிரி உயரத்தில் நின்றது. அட்டைக் கோணமானியில் நூலும் குண்டும் கட்டி உயரம் பார்த்து, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஒரு டிகிரி பிசகினால் எல்லாம் போச்சு. மூன்றாம் நாள் குவாலிட்டி ஒன்பதைத் தொட்டது. கீழே கட்டிலருகே வைத்த டிவியில் ஒரு ரஷ்யக்காரி வானிலை சொன்னாள். அவர்கள் கலர் முறை வேறு. நம் கலர் டிவியிலும் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிந்தது. அதை மகளுக்கும் எழுதிப் போட்டார்.

"கறுப்பு வெள்ளைன்னா என்ன, மூஞ்சி தெரிஞ்சாப் போறும்" என்றாள் காமு.

அந்தச் சனிக்கிழமை அதிசயமாக லோட்ஷெடிங் இல்லை. ஆனால் நாலு மணிக்கு வடமேற்கே வானம் கறுத்தது. கால்பைசாகி. கல்கத்தாவின் கோடைப் புயலுக்கு அன்றைக்குத்தானா நேரம் கிடைத்தது! முதல் வீச்சிலேயே கிண்ணத்தைத் தாங்கிய கம்பி வளைந்து, கிண்ணம் தலை கவிழ்ந்தது. ஓரத்தில் இருந்த மீட்டர் சுவரில் மோதி விழுந்தது. எடுத்துப் பார்த்தார். ஸ்ட்ரெங்த் முள் துடித்தது. குவாலிட்டி முள் செத்துக் கிடந்தது.

மணி நாலு இருபது. கொட்டுகிற மழையில் கிண்ணத்தைத் தோளால் முட்டி நிமிர்த்தினார். காற்றில் குண்டு நூல் பேயாட்டம் ஆடியது. கோணம் பார்க்க வழியில்லை. மாடிப்படிச் சந்தில் குனிந்து கத்தினார்.

"காமு! குவாலிட்டி டயல் போயிடுத்து! திரையைப் பார்த்து நீதான் சொல்லணும்! தெரியறதா?"

"இல்லே!" ஈனமான குரல்.

தூக்கினார். திருப்பினார். மறுபடி கத்தினார். "இல்லே" என்றே வந்தது. நாலரை ஆகி, நாலு நாற்பதும் ஆயிற்று. மழைத் தண்ணீரோடு கண்ணீரும் இறங்கியது. இரண்டையும் துடைக்கக் கை இல்லை. திடீரென்று ஸ்ட்ரெங்த் முள் எகிறிக் கடைசிக் கோட்டைத் தொட்டது.

"இப்போ?"

மழை மறுபடி வீசி அடித்தது. பிறகு, "தெரியறது!" என்றது குரல். "தெரியறது, தெரியறது! அசைக்காதேங்கோ!"

அசைக்கவில்லை அவர். வளைந்த கம்பியை விட்டால் கிண்ணம் சாயும் என்று, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி முக்கால் மணி நேரம் மழையில் நின்றார். அவ்வப்போது கீழேயிருந்து குரல் வந்தது: "ஆடிண்டிருக்கா!"

இறங்கி வந்தபோது டிவி அணைந்திருந்தது.

"முடிஞ்சுடுத்து. நானே அணைச்சுட்டேன்" என்றாள் காமு. முகம் முழுக்கச் சிரிப்பு. "எவ்வளவு அழகா இருந்தா தெரியுமா? அந்த அரக்கு அவ நிறத்துக்கு எப்படி எடுத்துக் கொடுத்தது! போங்கோ, தலையைத் துவட்டிக்கோங்கோ."

துவட்டிக்கொண்டே நின்றார். அரக்கு என்ற சொல் உள்ளே போய்த் தைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இறங்குமுன் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு வந்த கிண்ணம் மறுநாள் காலையும் அப்படியே நின்றது. மீட்டரை வெயிலில் காயவைத்து, அறுந்த ஒயரைப் பற்றவைத்தார். ஸ்ட்ரெங்த் முழுசாக இருந்தது. குவாலிட்டி இரண்டு. அறுபத்திரண்டில் இருக்க வேண்டிய நூல் ஐம்பத்து மூன்று டிகிரியில் அசையாமல் தொங்கியது. கிண்ணத்துக்கு நேர் எதிரே, கூரைகளுக்கு மேலே, டெலிபோன் இலாகாவின் மைக்ரோவேவ் கோபுரம். தாழ்ந்த கிண்ணத்தின் ஓரம் வழியாக அதன் சிக்னல் புகுந்து முள்ளைத் தூக்கியிருக்கிறது. ஊரையெல்லாம் முட்டாள் என்று திட்டியவர் முக்கால் மணி நேரம் ஒரு டெலிபோன் கோபுரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கீழே அவள் வெறும் பொரியைப் பார்த்துக்கொண்டு, ஆடிண்டிருக்கா என்று குரல் கொடுத்திருக்கிறாள்.

கேட்டுவிடலாமா என்று இரண்டு முறை வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "எங்காத்து மாமா மழையிலே நின்னுண்டு எனக்கு மாஸ்கோவைக் காட்டினார்" என்று அவள் சொல்லும்போது பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷருக்கு அதைவிடக் கஷ்டமான வேலை எதுவும் வாழ்க்கையில் வாய்த்ததில்லை.

காமு ஆடி வரை காத்திருக்கவில்லை. ஆனி கடைசியில் போய்விட்டாள். தந்தி கிடைத்து மீனாக்ஷி வந்து சேர்ந்தபோது பத்தாம் நாள் காரியம் முடிந்திருந்தது. அழுது ஓய்ந்து, அப்பாவின் தோளில் சாய்ந்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா என்னைப் பார்த்தாளாப்பா?"

"பார்த்தா. நன்னாப் பார்த்தா. அரக்கு உனக்கு எடுத்துக் கொடுத்ததுன்னு சொல்லிச் சொல்லி மாளலே."

மீனாக்ஷி நிமிர்ந்தாள். "கறுப்பு வெள்ளையாத்தான் தெரியும்னு எழுதியிருந்தியே?"

சிவராமகிருஷ்ணன் மகளின் முகத்தைப் பார்க்காமல் மாடிப்படியைப் பார்த்தார்.

"எனக்குக் கறுப்பு வெள்ளைதாம்மா. உங்கம்மாவுக்கு மட்டும் கலர்ல தெரிஞ்சுது."