மேற்படி இராமலிங்கம்

வடகவுஞ்சி இராமலிங்கம் முப்பத்தோரு வருடம் அரசு அலுவலக உதவியாளராக இருந்தவர். தபால் சுமந்தே கடித நடை கற்றவர். பால்காரருக்குச் சீட்டு எழுதினாலும் ‘பொருள்’, ‘பார்வை’ போடாமல் விடமாட்டார். ‘மேற்படி’ என்ற சொல்லின் மேல் தனிப் பிரியம்.

அவருடைய ஓய்வூதியம் கொடைக்கானல் வங்கி ஒன்றுக்கு வந்துகொண்டிருந்தது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வர மூட்டு ஒத்துழைக்கவில்லை. பக்கத்துப் பெருமாள்மலையில் புதுக் கணக்கு தொடங்கி, பழையதை முடித்துவிட்டார். வங்கிக்காரர்களே கருவூலத்துக்குச் சொல்லிவிடுவார்கள் என்று நம்பினார். சொல்லவேண்டியவர் அவர்தான். அந்த மாதம் பணம் வரவில்லை. கருவூலத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அடுத்த மாதமும் வரவில்லை.

ஒருநாள் காலையில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு மனைவி தமயந்தியிடம் கேட்டார்: “இது போன வாரமே தீந்திருக்கணுமே?”

“ராத்திரி மாத்திரைய நிறுத்திட்டேன். சக்கரை எங்க ஓடிறப் போகுது?”

“ஏன் சொல்லல?”

“நீங்கதான் கடுதாசி போட்டாச்சுன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரியுறீங்களே! வெரசா நேர்ல போய்ட்டு வாங்க.”

போனார். கருவூலத்தில் கணக்கர் தேவகுமாரி பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“நீங்கதானா ஐயா அது? ரெண்டு பக்கம், மூணு பேருக்கு நகல்! ஏதோ ஆபீஸ் தபால்னே நெனச்சோம். ஆனா புதுக் கணக்கு எண் எங்க?”

“மேற்படி கணக்குன்னு போட்டிருக்கேனேம்மா.”

“மேற்படின்னா மேல எங்கயாச்சும் இருக்கணும்ல? மேல பிள்ளையார் சுழிதான் கெடக்கு.”

“இணைப்புல இருக்குமே?”

“இணைப்பே வரலங்க.”

இராமலிங்கம் யோசித்தார். “அலுவலக நகலோட வச்சிட்டேன் போல.”

“எந்த அலுவலகத்துல?”

“எங்க வீட்டுலதான்.”

பழைய கணக்கு மூடியிருந்ததால் இரண்டு மாதப் பணமும் கருவூலத்துக்கே திரும்பியிருந்தது. புதுப் பாஸ்புக்கின் முதல் பக்க ஜெராக்ஸோடு விண்ணப்பம் தந்தால், இந்த மாத ஓய்வூதியத்தோடு சேர்த்து அனுப்பிவிடலாம் என்றார் தேவகுமாரி. பாஸ்புக் பையில்தான் இருந்தது. ஜெராக்ஸ் எடுத்துவந்து, அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதினார். ஓய்வூதியப் புத்தக எண், புதுக் கணக்கு எண், கிளைக் குறியீடு. அதன் கீழே: ‘இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை. என் மனைவி மாத்திரையைப் பாதியாக்கிவிட்டாள்.’

“கடைசி வரிய அடிச்சிரவாம்மா?”

“இருக்கட்டுங்கய்யா. இப்பத்தான் கடுதாசி மாதிரி இருக்கு.”

திரும்பும் வழியில் யாகூப்பின் மருந்துக்கடையில் நின்றார். வாழ்நாளில் கடன் சொல்லிப் பழக்கமில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மாசக் கடைசில தர்றேன் பாய்” என்றார்.

“அதுக்கென்னங்க. ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போங்க, உங்க எழுத்தப் பாத்து நாளாச்சு.”

“வேணாம் பாய். எழுதுனா சிக்கலாயிரும். வாயாலயே சொல்லிர்றேன்.”

அன்று ராத்திரியே தமயந்தி இரண்டாவது மாத்திரையைப் போட்டாள். மாதக் கடைசியில் மூன்று மாதப் பணமும் சேர்ந்து வந்தது.