பொட்டு வைத்த பவர் பேங்க்

குற்றாலத்துக்கு வரும் சீசன் கூட்டம் முத்துசெல்வி கடையில் செல்போன் நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை மட்டுமே வாங்கும். பவர் பேங்க் வாங்குபவர்கள் உள்ளூர்க்காரர்கள்: எண்ணெய் தேய்க்கிறவர்கள், லாட்ஜ் வேலையாட்கள், வேன் டிரைவர்கள். ஏமாந்தால் மறுநாளே கடைமுன் வந்து நிற்கக்கூடியவர்கள்.

அதனால் சரக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் கையிலெடுத்துப் பார்ப்பாள். பெரிய எழுத்தில் இருபதாயிரம் எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. அதற்கு ஈடாக எழுபத்துநாலு வாட்-அவர் என்றும் இருக்க வேண்டும். போனுக்கு உண்மையில் போய்ச் சேரும் அளவு, ரேட்டட் கெப்பாசிட்டி, தனியாக அச்சிட்டிருக்க வேண்டும். பிறகு மேல்கூட்டின் இணைப்பில் நகத்தை ஓட்டுவாள். பசை பிதுங்கியிருந்தாலோ, எழுத்து நகத்தோடு உரிந்து வந்தாலோ ஒதுக்கிவிடுவாள். தேறியதன் மூலையில் தன் நெற்றிக்கு வைக்கும் மெரூன் ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை ஒட்டுவாள். "பொட்டு வச்சதா குடுட்டி" என்றுதான் ஆட்கள் கேட்பார்கள்.

பல ஊர் அலைந்துவிட்டு வந்து எதிர் லாட்ஜில் தங்கியிருந்த நான், மழை விடாத பகல்களை அவள் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் கழித்தேன். அங்கிருந்துதான், சரக்கு அனுப்பும் கிருபாவோடு அவள் ஸ்பீக்கரில் பேசுவதைக் கேட்டேன்.

"ஏட்டி கிருபா, இருவதாயிரம்னு போட்டுட்டு வாட்ட பாதியா போட்டிருக்கான். இன்னொண்ணுல ஜாயிண்டு பல்லக் காட்டுது. எல்லாத்தையும் திருப்பி அனுப்புதேன்."

"நீ பொண்ணு பாக்கப் போனா மாப்பிள்ளை வீடு தோத்துரும்ட்டி. சரி, என்னென்ன கொறைன்னு வெவரமா சொல்லு, குறிச்சுக்கிடுதேன்."

கிருபா தென்காசியில் மொத்த வியாபாரம் செய்பவள். பள்ளியில் ஒரே பெஞ்சு. முத்துசெல்வி சொன்னாள், ஒன்றுவிடாமல்.

அடுத்து வந்த பெட்டியில் ஒரு குறையும் இல்லை. லேபிள் கணக்கு சரி, கூடு மழமழவென்று, எடையும் சரி. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள்.

முதலில் குறையோடு திரும்பி வந்தது சுடலைமுத்து, எண்ணெய் தேய்க்கிறவர். கையில் எண்ணெய் மினுங்கியது.

"என்னட்டி செல்வி, உன் பொட்டு அழிஞ்சிட்டா? ஒரு தடவ போன் ஏறுறதுக்குள்ள மூச்ச விட்டுட்டு. ரெண்டு லாட்ஜ்ல கூப்பிட்டிருக்கான், போன் செத்துக் கெடக்கு."

"சார்ஜ் நல்லா போட்டீகளா அண்ணாச்சி?"

"ராத்திரி பூரா போட்டேன். பிள்ளையக் கூட அப்படித் தூங்க வச்சதில்ல."

அவள் சிரிக்கவில்லை. மெல்லிய பிளேடால் கூட்டைப் பிரித்தாள். உள்ளே வெள்ளித்தாள் நிறத்தில் இரண்டு தட்டை செல்கள். பக்கத்தில் பசையில் ஒட்டிய ஓர் இரும்புத் துண்டு, எடைக்காக. செல்லின் மேல் 606090 என்று அச்சு. ஆறு மில்லிமீட்டர் கனம், அறுபது அகலம், தொண்ணூறு நீளம். அடியில் நாலாயிரம் என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்து எட்டாயிரம்.

"உள்ள இருக்கவன் உண்மையச் சொல்லுதான்" என்றாள். "வெளிய இருக்கவன்தான் பொய்."

தன் பையிலிருந்த சொந்தப் பவர் பேங்கை அவரிடம் கொடுத்துவிட்டு, பிரித்ததைக் காகிதத்தில் சுற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு தென்காசி பஸ் ஏறினாள்.

கிருபா கடையில் பெட்டிகள் உத்தரம்வரை அடுக்கியிருந்தன. முத்துசெல்வி காகிதத்தைப் பிரித்து வைத்ததும் கிருபா எட்டிப் பார்த்தாள், ஆச்சரியப்படவில்லை.

"நீ சொன்ன கொறையெல்லாம் அனுப்புறவன்ட்ட சொன்னேன்ட்டி. சரி பண்ணித்தான அனுப்பியிருக்கான்?"

"லேபிளச் சரி பண்ணியிருக்கான். கூட்டையும் சரி பண்ணியிருக்கான்."

"பின்ன? உள்ள பிரிச்சு யாரு பாக்கா?"

"உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு."

"நல்ல செல்லு போட்டா இந்த வெலைக்கு வருமா? நீயும் கடை வச்சிருக்கே, சின்னப்பிள்ள மாதிரி கேக்கே."

முத்துசெல்வி பிரித்ததை மறுபடி காகிதத்தில் சுற்றிக்கொண்டு திரும்பினாள். பாவூர்சத்திரம் என்று ஊர்ப் பெயர் எழுதிய பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே வரிசையாகப் பவர் பேங்குகள். ஒவ்வொன்றின் மூலையிலும் மெரூன் பொட்டு.

"இது யாரு வச்சா?"

"அங்கன உள்ள கடைக்காரனும் பொட்டு வச்சது வேணும்ங்கான். பொட்டு என்ன உன் பேருலயா பதிஞ்சிருக்கு?" கிருபா சிரித்துக்கொண்டே அவள் தோளைத் தொட்டாள். "டீ சொல்லவா?"

தோளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் இலஞ்சி தாண்டும்போது, "எதப் பாப்பேன்னு நாந்தான சொல்லிக் கொடுத்தேன்" என்றாள், ஜன்னலைப் பார்த்து.

கடையில் ஒரு வேன் டிரைவர் காத்திருந்தார். நல்லக்கண்ணு என்று பெயர், பாவூர்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றி வருபவர்.

"இதப் பாரு, சுத்தமா ஏமாத்து. உன் பொட்டுதான?"

அவள் பவர் பேங்கை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன்னிடம் வாங்கியதா, பாவூர்சத்திரத்தில் வாங்கியதா என்று அவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"என் பொட்டுதான் அண்ணாச்சி" என்று சொல்லி, அதைத் தன் பக்கமாக மேசையில் வைத்துக்கொண்டாள்.