தையல்காரர் தசை

முதலாமாண்டு உடற்கூறியல் புத்தகத்தில் என்னை முதலில் மடக்கிப் போட்டது 'விண்ட்ஸ்' என்ற சொல். கையில் ஓடும் நரம்பு ஒன்று மேற்கை எலும்பை 'விண்ட்ஸ் அரவுண்ட்' செய்வதாகப் போட்டிருந்தது. விண்ட் என்றால் காற்று என்பது எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும். கைக்குள் காற்று எப்படி வந்தது என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். கடைசியில் பார்த்தால் சுற்றிக்கொண்டு போகிறது என்று அர்த்தமாம். அதைச் சொல்வதற்குக் காற்றை இழுத்திருக்க வேண்டாம்.

வேலம்பாளையத்து அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள் நான். நீட் தேர்வையும் தமிழில்தான் எழுதினேன். தமனி, சிரை, காறை எலும்பு, விலாவிடைத் தசை எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். என் அறிவு முழுவதும் தமிழில் பத்திரமாக இருந்தது. கல்லூரியில் அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் டெய்லர், அம்மா அங்கேயே செக்கிங். நான் பிறப்பதற்கு முன்பே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எனக்கு அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் சீட் கிடைத்ததும் எங்கள் லைன் வீட்டு முனையில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து எடுத்த என் தலை, யாரோ ஒருவருடைய வெள்ளைக் கோட்டு உடம்பு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பெயருக்கு முன்னால் 'மருத்துவர்'. தலையை உடம்போடு சேர்த்த அந்த ஆபரேஷனை எந்தப் புத்தகத்திலும் நான் பிறகு பார்க்கவில்லை.

முதல் இன்டர்னல் தேர்வில் தோற்றேன். எல்லா இன்டர்னலும் சேர்த்துப் பாதி மதிப்பெண் வராவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வுக்கு விடமாட்டார்கள். கூடப் படிக்கிறவர்கள் இரண்டாமாண்டு போவார்கள், நான் அடுத்து வருகிற பிள்ளைகளோடு மறுபடியும் காற்றிலிருந்து தொடங்க வேண்டும். படிப்பை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போக ஒரே வழிதான், அந்த வழியில் ஃபிளெக்ஸ் இருந்தது. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

விடுதியில் என் அறைத்தோழி கோயமுத்தூரில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். அவள் அப்பா இங்கே சொந்தமாகப் பனியன் யூனிட் வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டில் நாய்க்குட்டியைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது என் சந்தேகம், ஏனென்றால் என்னை ஒரு நாளும் அவள் ஒருமையில் அழைத்ததில்லை. விண்ட்ஸ் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு நாள் அவளும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, ஸ்டெர்னோ கிளைடோ மாஸ்டாய்டாமா. வாயிலயே நுழைய மாட்டேங்குதுங்க. எப்படிங்க மனப்பாடம் பண்றது?"

எனக்கு ஒரே ஆச்சரியம். பிறகு சந்தோஷம், அதை மறைக்கவில்லை. ஆங்கிலத்தில் அவள் எனக்கு எவ்வளவு தூரம் முன்னால் போயிருந்தாலும், அந்தப் பெயர் வந்த கிரேக்கத்தில் அவளும் தமிழ் மீடியம்தான்.

மருத்துவ அகராதியின் கடைசிப் பக்கங்களில் முன்னொட்டு, பின்னொட்டு, வேர்ச்சொல் என்று ஒரு பட்டியல் இருக்கும். யாரும் அதுவரை போவதில்லை. அன்று போனேன். ஸ்டெர்னோ என்றால் மார்பெலும்பு. கிளைடோ காறை எலும்பு. மாஸ்டாய்டு காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்புப் புடைப்பு. அந்தத் தசை மார்பெலும்பிலும் காறை எலும்பிலும் தொடங்கிக் காதுக்குப் பின்னால் போய் முடிகிறது. பேரைக் கேட்டேன், முகவரியைச் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வெறி. இன்டர் என்றால் இடை, காஸ்டா என்றால் விலா, ஆக இன்டர்காஸ்டல். நான் பள்ளியில் படித்த விலாவிடைத் தசையைத்தான் முன்னதைப் பின்னதாகத் திருப்பித் தைத்து வைத்திருந்தார்கள். கம்பெனியில் கை, கழுத்து, பாடி என்று கட்டுக் கட்டாக வரும். தனியாகப் பார்த்தால் வெறும் துணி, அப்பா ஓட்டித் தந்தால் டி-ஷர்ட். அதே வேலைதான் இங்கேயும். ஹைப்பர் என்றால் கூடுதல், ஹைப்போ என்றால் குறைவு அல்லது அடியில். ஐடிஸ் வந்தால் அழற்சி. எக்டமி வந்தால் வெட்டி எடுத்துவிட்டார்கள், ஆட்டமி வந்தால் கீறியதோடு விட்டுவிட்டார்கள். ராஃபி வந்தால் தையல். அந்தக் கடைசிச் சொல்லைப் படித்தபோது எங்கள் வீட்டு ஆள் ஒருவரைப் புத்தகத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

நானும் அறைத்தோழியும் எதையும் விட்டுவைக்கவில்லை. மெஸ் இட்லிக்கு ஸ்க்ளீரோ இட்லி என்று பெயர், ஸ்க்ளீரோ என்றால் கெட்டி. சாம்பாருக்கு ஹைட்ரோ, தண்ணீர். வார்டன் பேசினால் ஹைப்பர்ஃபோனியா, குரல் கூடுதல். மெஸ் அக்கா ஒரு நாள், "என்ன கண்ணு, இட்லிக்கு ஏதாச்சும் சீக்காங்?" என்று கவலையாகக் கேட்டார்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இரண்டாவது இன்டர்னலில் அக்குளுக்கு ஆங்கிலத்தில் என்ன என்பது மறந்துவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். கைக்கு அடியில்தானே இருக்கிறது என்று ஹைப்போ, பிரேக்கியல் இரண்டையும் இணைத்து 'ஹைப்போபிரேக்கியல்' என்று எழுதினேன், ஒருமுறை அல்ல, விடை முழுக்க. பேராசிரியர் அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, இந்த உறுப்பைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டிருந்தார். துண்டுகளை வைத்து வந்த சொல்லைப் பிரிக்கலாம், இல்லாத சொல்லைத் தைக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டேன். தேர்ச்சிக்கு அது போதவில்லை. மூன்றாவது இன்டர்னலில், அதுவும் வாய்மொழித் தேர்வில், இழந்ததையெல்லாம் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய ஞாயிறு வீட்டுக்குப் போனேன். தொடையைப் படித்துக்கொண்டிருந்தேன். சார்ட்டோரியஸ் என்று ஒரு தசை. இடுப்பு எலும்பின் முன்பக்கத்தில் தொடங்கித் தொடைக்குக் குறுக்கே இறங்கி முழங்காலின் உட்பக்கம் போகும், உடம்பிலேயே மிக நீளமானது. சார்ட்டர் என்றால் லத்தீனில் தையல்காரர். தையல்காரர் சம்மணமிட்டு உட்காருவதற்கு உதவுவதால் இந்தப் பெயர் என்றது புத்தகம். நான் பிறந்ததிலிருந்து தையல்காரர்களைத்தான் பார்த்து வருகிறேன். சம்மணமிட்டுத் தைத்த ஒருவரையும் பார்த்ததில்லை.

அப்பாவிடம் கேட்டேன்.

"சம்மணம் போட்டுட்டு ஒக்காந்தா பெடல எவம்ட்டி மிதிப்பான்?" என்றார். "ஸ்டூல்லல்லா ஒக்காருவோம். எந்தக் கிறுக்கன் எழுதுனது?"

"அந்தக் காலத்துல கைத்தையலுப்பா."

"அப்ப நாங்க டெய்லர் இல்லையோ?"

சாப்பாட்டுக்குத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் தட்டை நகர்த்திவிட்டு அவர் காலைப் பார்த்தேன். இடுப்பில் தொடை மடங்கியிருந்தது, அது ஃபிளெக்ஷன். தொடை நடுவிலிருந்து விலகியிருந்தது, ஆப் என்றால் விலகி, ஆகவே ஆப்டக்ஷன். வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. முழங்காலும் மடங்கியிருந்தது. புத்தகம் சொன்ன நான்கும் எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் ரசத்துக்காகக் காத்திருந்தன.

"ஏட்டி, மொதல்ல அந்த மனுசனச் சாப்பிட விடு," என்றாள் அம்மா.

வாய்மொழித் தேர்வன்று பேராசிரியர் மேசையில் கிடந்த சடலத்திலிருந்து இடுக்கியால் ஒரு தசையைத் தூக்கிக் காட்டினார். நீளமாக, நாடா போல இருந்தது. பெயரைச் சொன்னேன். நரம்பைக் கேட்டார், ஃபெமோரல் என்றேன். "ஆக்ஷன்?" என்றார். எல்லாம் போய்விட்டது. ஆப் என்பது விலகியா, ஆட் என்பது விலகியா, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. ஃபார்மலின் நெடியில் கண் எரிந்தது. ஃபிளெக்ஸ் போர்டுதான் ஞாபகத்துக்கு வந்தது.

நான் தரையில் உட்கார்ந்தேன். டிசெக்ஷன் ஹாலின் ஈரத் தரையில், வெள்ளைக் கோட்டோடு, சம்மணமிட்டு. மயக்கம் என்று நினைத்து ஒருவன் தண்ணீர் எடுக்க ஓடினான். பேராசிரியர் மேசைக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். நான் என் காலையே பார்த்து வரிசையாகச் சொன்னேன். இடுப்பில் ஃபிளெக்ஷன், ஆப்டக்ஷன், லேட்டரல் ரொட்டேஷன், முழங்காலில் ஃபிளெக்ஷன்.

"வொய் சார்ட்டோரியஸ்?" என்றார்.

"டெய்லர் சிட் லைக் திஸ், சார். பட் மை ஃபாதர் டெய்லர். ஹீ நோ சிட் லைக் திஸ்."

இலக்கணம் செத்துக் கிடந்தது. அந்த அறையில் அதற்குத் துணை இருந்தது. பேராசிரியர் இடுக்கியைக் கீழே வைத்தார். "எந்திரிம்மா," என்றார், தமிழில். பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காட்டினார். "அவரு எப்படி ஒக்காருவாரு? காட்டு."

உட்கார்ந்து காட்டினேன். முழங்கால் மடங்கியிருக்க, முன்பாதத்தால் இல்லாத பெடலை அழுத்தினேன்.

"இப்ப எந்த மசில்?"

பாதத்தைக் கீழே அழுத்துவது கெண்டைக்காலின் வேலை. அங்கே பெரிய தசைகள் இரண்டு. மேலே இருப்பது முழங்காலைத் தாண்டித் தொடை எலும்பில் பிடித்திருப்பதால், முழங்கால் மடங்கியிருக்கும்போது தொய்ந்துபோகும். அடியில் இருப்பதுதான் அப்போது பெரும்பாடுபடும்.

"சோலியஸ், சார்."

"நல்லாச் சொன்ன," என்று மதிப்பெண் போட்டார். கூட்டிப் பார்த்தபோது பாதியைத் தாண்டியிருந்தது. வெளியே வந்ததும் அறைத்தோழி, "ஏனுங்க, இனி எல்லாரும் உக்காந்துதான் சொல்லோணுங்களா?" என்று கேட்டாள். அவள் உண்மையாகவே கவலைப்பட்டாள்.

அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது ஃபிளெக்ஸ் இல்லை. மழைக்குத் துணிக் கட்டுகளை மூட அப்பா கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார். பாஸானதைச் சொன்னேன், தரையில் உட்கார்ந்ததையும் சொன்னேன். அவர் கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டே கேட்டார். அவர் அதைப் பிசைவதைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன், ஏன் வலிக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் எந்த இடம் என்று உற்றுப் பார்த்தேன்.

"அதுக்குப் பேரு சோலியஸ்ப்பா. இந்தக் காலத்து டெய்லர் தசை அதுதான்."

"அப்படியா? அதுக்கு என்ன அர்த்தம்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். வேர்ச்சொல் படித்த வாய். "செருப்பு," என்றேன்.

அப்பா சற்று யோசித்தார். "சரியான பேருதாம்ட்டி," என்றார். "காலம் பூராவும் தேயுததுல்லா."