முழு சார்ஜ் கணக்கு

எங்கள் தெருவில் தினமும் கரண்ட் போகும். இன்வெர்ட்டருக்குப் பேட்டரி வாங்க மனைவியுடன் சாத்தூர் கடைக்குப் போனேன். ஆசிட் பேட்டரி பதினைந்தாயிரம், லித்தியம் முப்பதாயிரம்.

"ஆயுசு முழுக்கப் பார்த்தா ஆசிட்ல கரண்ட் யூனிட்டுக்கு எட்டேகால் ரூபா, லித்தியம் பத்து, அண்ணாச்சி" என்றார் கடைக்காரர்.

தணிக்கை ஆபீஸ்காரனான நான் பேனாவை எடுத்தேன். "வாங்கிட்டுக் கிளம்புங்க. இங்கனயும் ஆபீஸ் நடத்தாதீக" என்றாள் மனைவி.

நான் கையேட்டைக் கேட்டு வாங்கினேன். தினமும் பாதி சார்ஜ் மட்டும் எடுத்தால்தான் ஆசிட் பேட்டரி ஆயிரம் முறை சார்ஜ் ஏறி உழைக்கும் என்று அதில் இருந்தது. அவரோ முழுக் கொள்ளளவான 1.8 யூனிட்டை ஆயிரத்தால் பெருக்கியிருந்தார். உண்மையில் கிடைப்பது தொள்ளாயிரம் யூனிட்தான். ஒன்றுக்குப் பதினாறு ரூபாய்க்கு மேல் என்று எழுதிக் காட்டினேன். லித்தியத்துக்கு அவர் போட்டது சரி: முறைக்கு ஒரு யூனிட், மூவாயிரம் முறை.

கடைக்காரர் கால்குலேட்டரை இரண்டு தரம் தட்டினார். "எங்க வீட்டுலயே ஆசிட்டத்தான் மாட்டிருக்கேன்" என்றார்.

"லித்தியத்தையே வண்டியில ஏத்துங்க" என்றாள் மனைவி. ஆபீஸில் என் குறிப்பு எதுவும் இவ்வளவு சீக்கிரம் கையெழுத்தானதில்லை.