கீழ் வரியையும் வாசிப்பவர்

மஸாஹிரா எந்தத் தாளையும் வரிக்குக் கீழே அடிமட்டக் கோலை வைத்துத்தான் வாசிப்பார். கண்டி கச்சேரி அலுவலகத்துக்குப் பக்கத்துப் போட்டோகொப்பிக் கடையில் அவருடைய மேசைக்கு எதிரேதான் நான் கொப்பி எடுக்கும் மெஷின் இருக்கிறது. பல வருடமாகப் பார்க்கிறேன். சிங்களமும் தமிழும் வரிக்கு வரி மாறி வரும் தாள் என்றால், மேல் வரியை வாசிப்பார், அடிமட்டத்தை இறக்குவார், கீழ் வரியையும் வாசிப்பார். இரண்டும் ஒரே விஷயம் என்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு சரி. அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பில் அதை ஒரு தடவை எழுதுவார். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற முத்திரை அவரிடம் இருக்கிறது. அவசரம் என்று யார் குதித்தாலும் அந்த அடிமட்டம் வேகமாக நகர்ந்ததில்லை.

கலஹாவிலிருந்து சிந்துஜா வந்தது ஒரு மழை நாளில். பள்ளிக்கூட யூனிபோர்ம் தைத்துப் பிழைக்கிற பிள்ளை. தையல் மெஷினைத் திருத்தக் கொடுத்த நேரத்தில் பஸ்ஸில் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். நாலு மாதம் கழித்துப் போனபோது, மூன்று மாதம் தாண்டினால் மெஷின் கடைக்குச் சொந்தம் என்று சொல்லிவிட்டார் கடைக்காரர் ராஜலிங்கம். மத்தியஸ்த சபைக்குப் போனாள். சபையார் சிங்களக்காரர்கள். கடையில் தந்த, இரண்டு மொழியும் வரிக்கு வரி அச்சான பற்றுச்சீட்டை முழுக்கச் சிங்களத்தில் கொண்டுவரச் சொன்னார்கள். வேறொரு கடையில் எழுதி வாங்கினாள். அவர்கள் சிங்கள வரியைப் பார்த்து எழுதி, தமிழ் வரியையும் சிங்களமாக்கி அதன் கீழே எழுதிவிட்டார்கள். எல்லாம் இரண்டு தடவை.

"தையல் மெஷின் ஒன்று, தையல் மெஷின் ஒன்றுன்னு இருக்குக்கா. 'ஒரு மெஷினத் தந்துட்டு ரெண்டு கேக்குது இந்தப் புள்ள, அடுத்த வாரம் மூணு கேக்கும்'னு சபையிலயே கடைக்காரர் சொல்லிச் சிரிச்சாரு. அதுக்கு மேல யாரும் வாசிக்கல. ஒன்ன ரெண்டு தரம் சொல்லாத கொப்பி கொண்டு வான்னு தலைவர் சொல்லிட்டாரு."

"இரி புள்ள," என்று அடிமட்டத்தை எடுத்தார் மஸாஹிரா.

அடுத்த நாள் ராஜலிங்கமே வந்துவிட்டார். கொப்பியை எங்கே எழுதுகிறார்கள் என்று விசாரித்திருக்கிறார்.

"எதுக்கும்மா இவ்வளவு மெனக்கேடு? தமிழ் வரி எல்லாத்தையும் வெட்டிட்டு மேல் வரிய மட்டும் எழுதிக் குடுங்க. ஒன்னையே ரெண்டு தரம் சொன்னதாகாது. கீழ இருக்கிறது சும்மா அழகுக்கு."

"அழகுக்கா அச்சடிச்சீங்க?"

"நம்ம ஆளுங்களும் வர்ற கடை. பாத்தா ஒரு சந்தோசம். அத யாரு வாசிக்கிறா?"

"நான் வாசிக்கிறேன்."

வாசித்தார். கடைசி நிபந்தனையில் அடிமட்டம் நின்றது. சரி விழவில்லை. சிங்கள வரியில் மூன்று மாதம், தமிழ் வரியில் ஆறு மாதம்.

ராஜலிங்கத்தின் குரல் இறங்கியது. "போன வருசம் மூணு மாசமா மாத்துனோம். அச்சுக்காரன் தமிழ மாத்தாம விட்டுட்டான். அவன் பிழைங்க அது. நீங்க விட்டுருங்க."

"ஒரே விஷயம்னா ஒரு வரிய விடுவேன். இது ரெண்டு விஷயம். நான் விட மாட்டேன்."

"அப்ப நானே வேற ஆள வச்சு எழுதிக்கிறேன்."

"எழுதுங்க. அவருக்கும் இந்தத் தாளத்தானே குடுக்கப் போறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை சபை பள்ளிக்கூட மண்டபத்தில் கூடியது. சிந்துஜா பயந்ததால் மஸாஹிராவோடு நானும் கூடப் போனேன். கொப்பியில் மெஷின் ஒன்றாகி இருந்தது, திகதி ஒன்றாகி இருந்தது. கடைசி நிபந்தனை மட்டும் இரண்டு வரி: சிங்களத்தில் மூன்று மாதம், தமிழில் ஆறு மாதம், மூலத்தில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்ற குறிப்பு, கீழே முத்திரை.

எது சரி என்று தலைவர் சிங்களத்தில் கேட்டார். அதைச் சொல்வது தன் வேலை இல்லை, இரண்டும் தாளில் இருக்கிறது என்றார் மஸாஹிரா.

அதுவரை தலை குனிந்திருந்த சிந்துஜா எழுந்தாள். "எனக்குச் சிங்களம் வாசிக்க வராதுங்க ஐயா. கீழ் வரியத்தான் வாசிச்சேன். ஆறு மாசம் இருக்குன்னு நம்பித்தான் கை ஆறும்வரைக்கும் வீட்டுல கெடந்தேன். அந்த வரி எனக்காக அடிச்சது இல்லன்னா வேற யாருக்கு அடிச்சது?"

மஸாஹிரா அதை ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் சொன்னார். தலைவர் ராஜலிங்கத்தைப் பார்த்தார். ராஜலிங்கம், திருத்துகூலியைத் தந்தால் மெஷினைத் தருவதாக ஒத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் சிந்துஜா மஸாஹிராவின் கையைப் பிடித்தாள். "கைய விடு, பஸ் போயிரும்," என்றார் அவர்.

இன்று அந்த மெஷின் கலஹாவில் ஓடுகிறது. ராஜலிங்கம் புதுப் பற்றுச்சீட்டு அடித்திருக்கிறார், சிங்களத்தில் மட்டும். மஸாஹிரா தன் வீட்டுத் தையல் மெஷினைச் சும்மா எண்ணெய் போடக் கொடுக்கும்போதும் அங்கேதான் கொண்டு போகிறார். பற்றுச்சீட்டைத் தமிழிலும் எழுதித் தந்தால்தான் மெஷினை வைப்பேன் என்று கடை வாசலில் நிற்கிறார். ராஜலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே கையால் எழுதிக் கொடுக்கிறார்.