மடிப்பக்கா வீட்டு டிவியில் நின்ற செய்தி

மடிப்பக்கா என்ற பெயரை யார் வைத்தார்களோ தெரியாது, ஆனால் பொருத்தம் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுவது அவள் வேலை. அவள் மடித்து வைத்த படுக்கை விரிப்பைப் பிரிக்கவே மனசு வராது என்று அறை பெருக்குகிறவர்கள் சொல்வார்கள். என்னிடம் கூட ஒரு தடவை, "தம்பி, சட்டையைக் கழட்டிக் குடு, பாக்கச் சகிக்கல" என்று நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டிருக்கிறாள். நான் டிவி ரிப்பேர் செய்கிறவன். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. அந்த வாயை அடைக்கத் தெரிந்த ஒரே ஆள் அக்காதான்.

அவள் புருஷன் வேலை தேடிப் போகிறேன் என்று ஒரு நாள் கிளம்பியவர். "இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காரு, பெரிய வேலையா இருக்கும்போல" என்பாள் அக்கா. சிரிக்காமல் சொல்வாள், நாம்தான் சிரித்துவிட்டு முழிப்போம். மிச்சம் ஒரே பையன். அவனை இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலேயே வளர்த்தாள். படிப்பு ஏறவில்லை, கரண்டி பிடிக்க வந்தது. சரக்குக் கப்பலில் சமையலறை உதவியாளாகச் சேர்ந்தான். அவன் முதன்முதலாகக் கடலுக்குப் போன வாரம் அக்கா யாரோடும் பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தவள் கடலைப் பற்றியே பேசினாள்.

பையன் முதலில் அவளுக்கு நல்ல தொடுதிரை போன்தான் வாங்கித் தந்தான். அது அவளுக்குச் சரிப்படவில்லை. வருஷக்கணக்காகச் சூட்டில் காய்ந்து காய்ந்து விரல் நுனிகள் தோலாகவே இல்லை, தகடாகிவிட்டன. அவள் தொட்டால் திரைக்குத் தெரியாது. அவள் இன்னும் அழுத்துவாள், அது இன்னும் பேசாமல் இருக்கும். "இது என்னை ஆளாவே மதிக்க மாட்டேங்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பழைய பட்டன் போனே போதும் என்றாள். கண்ணும் கொஞ்சம் மங்கல். அதனால் அடுத்த லீவில் பையன் பெரிய டிவி ஒன்றை வாங்கி, இணையமும் போட்டான். சுவரில் மாட்டியது நான்தான். ரிமோட்டில் நிஜப் பட்டன் இருக்கிறதே, அது அக்காவின் விரலுக்கு அடங்கும்.

அந்த டிவியில் பிரவுசர் இருந்தது. பையன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். அம்புப் பட்டனை அழுத்தினால் திரையில் சுட்டி நகரும், ஓகே அழுத்தினால் திறக்கும், எழுத வேண்டுமானால் கீழே எழுத்துப் பலகை வரும், ஒவ்வொரு எழுத்தாகப் போய்ப் போய் அமுக்க வேண்டும். அதில் தமிழ் எழுத்து கிடையாது. போனில் ஒரு மூச்சில் அடிக்கிற விலாசத்தை அதில் அடிப்பது எறும்பை மேய்த்த கதைதான். எனக்கென்றால் ரிமோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அக்காவுக்கு அந்த வேகமே தோதாக இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கப்பல் செய்தி, புயல் செய்தி என்று விரல் உயர எழுத்தில் வாசிப்பாள். மின்சாரப் புகார்ப் படிவம்கூட அதிலேயே நிரப்பினாள். ரகசிய எண் பட்டன் போனுக்கு வரும், அதைப் பார்த்து டிவியில் அடிப்பாள். பிள்ளைகளின் பரீட்சை முடிவைப் பெரிய எழுத்தில் பார்க்கத் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் கூடுவார்கள். போட்டோ கேட்கிற படிவம் மட்டும் டிவியில் ஆகாது என்று நான் சொல்லியிருந்தேன். "என் மூஞ்சிய அவங்க பாக்காம இருக்கிறதே நல்லது" என்றாள்.

அன்று காலை நான் இன்னொரு வீட்டில் ஏணி மேல் நிற்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. குரல் நடுங்கியது, ஆனால் அது பயத்தின் நடுக்கம் இல்லை.

"தம்பி, பயலோட கப்பல் புயல்ல கவுந்துடுச்சு. ஆனா எல்லாரையும் காப்பாத்திட்டாங்க. செய்தியில போட்டுட்டான். துறைமுகத்துக்குக் கூட்டிட்டு வர்றாங்களாம். வீட்டு ஆளுங்க போய்ப் பாக்கணும்னா கம்பெனி படிவத்த நிரப்பணுமாம். அதுல ஒரு கட்டத்துல வந்து நிக்குது. நீ வந்து பாரேன்."

கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். எனக்கும் நெஞ்சு நிறைந்துபோனது. அந்தப் பையன் கல்யாண வயசில் இருந்தான், என்னை "மாமா" என்றுதான் கூப்பிடுவான். சந்தோஷத்தில் அந்த வீட்டுக்காரர் கேட்காத இரண்டு சேனலையும் சேர்த்து ஒழுங்கு பண்ணிக் கொடுத்தேன்.

மத்தியானம் கருவிப் பையைக் கட்டும்போது என் போன் அதிர்ந்தது. கப்பல் செய்தியில் திருத்தம். எல்லோரும் மீட்கப்பட்டார்கள் என்று கம்பெனி முதலில் சொன்னது தவறு. கீழ்த்தட்டில் சிக்கிக்கொண்ட இருவரின் உடல்கள் கிடைத்திருக்கின்றன. இரண்டு பெயர். இரண்டாவது பெயர் அவனுடையது. சமையலறை உதவியாளர் என்றும் போட்டிருந்தார்கள். வேறு யாரோ என்று நினைத்துக்கொள்ளக்கூட வழி வைக்கவில்லை. பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்லுமுன் ஊருக்கெல்லாம் அறிக்கை விட்ட அந்தக் கம்பெனிக்காரனை இன்றைக்கும் நான் வாயாரச் சபிக்கிறேன்.

அவள் தெருவில் நுழைந்தால், கடைக்காரர், தையல்காரர், எதிர்வீட்டு அம்மா எல்லோரும் கையில் போனோடு வெளியே நிற்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் அவள் கதவைத் தட்டவில்லை.

"டிவிக்காரரே, நீங்க உள்ள போறீங்கள்ல? நீங்களே சொல்லிடுங்க. அந்தம்மா காலையிலேர்ந்து சிரிச்ச முகமா இருக்கு. எங்களுக்கு வாய் வரல" என்றார் கடைக்காரர்.

எனக்கு மட்டும் வருமா? எரிச்சலாக வந்தது. ஆனாலும் யாராவது போகத்தானே வேண்டும்.

அக்கா புதுப் புடவை கட்டியிருந்தாள். கட்டில் மேல் ஒரு பை, அதற்குப் பக்கத்தில் அவனுக்கு இரண்டு சட்டை, கத்தி முனை மாதிரி மடிப்போடு. டிவியில் காலைச் செய்தி அப்படியே இருந்தது. 'கப்பல் ஊழியர் அனைவரும் பத்திரமாக மீட்பு.'

"வா தம்பி. பாத்தியா? நானும் எத்தனையோ தடவ பாத்துட்டேன், மாறவே இல்ல. காலையில என்ன போட்டானோ அதேதான் இப்பவும். நிஜமா இருக்கப் போய்த்தானே மாறல?"

நடந்தது புரிந்தது. கொஞ்ச நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் அந்த டிவி பக்கத்தை மறைத்துவிட்டு மலைப் படம், பூப் படம் என்று ஓட்டும். அவள் ஒரு பட்டனை அழுத்துவாள், பக்கம் திரும்பத் தெரியும். அதைப் புதுசாக வந்த செய்தி என்று நம்பியிருக்கிறாள். வாழ்நாள் முழுக்க டிவியில் தெரிவது இந்த நிமிஷத்துச் செய்தி என்றே பழகியவள். பிரவுசரில் வந்த பக்கம் அப்படியில்லை. யாராவது திரும்ப எடுக்கும்வரை அது காலையிலேயே நிற்கும். எங்கள் போனெல்லாம் தானாகக் கூவிச் சொன்னதை அந்தப் பெரிய திரை சொல்லவே இல்லை.

"படிவத்தப் பாரு" என்று பிரவுசரில் அடுத்த ஜன்னலுக்கு மாற்றினாள். பெயர், உறவு, விலாசம், எல்லாம் எழுத்து எழுத்தாக அடித்திருந்தாள். "நடுவுல நேரம் முடிஞ்சுதுன்னு ஒரு தடவ எல்லாத்தையும் அழிச்சுட்டான். மறுபடி அடிச்சேன். இந்த ஒரு கட்டந்தான். அடையாள அட்டையோட போட்டோவ சேக்கணுமாம். அமுக்கினா ஊமை மாதிரி இருக்கு."

அட்டையின் படத்தை ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவில் போட்டு வாங்கி, டிவியின் பின்னால் சொருகியும் பார்த்திருக்கிறாள். டிவி அதைத் திரை நிறையக் காட்டியதாம். ஆனால் பிரவுசருக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

"அது காட்டும், அனுப்பாதுக்கா" என்றேன்.

"அப்ப உன் போன்ல பண்ணிடு. உனக்கு ஒரு நிமிஷ வேலைதானே."

அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போனை எடுத்தேன். அதில் அந்தத் திருத்தச் செய்தி இன்னும் திறந்தே கிடந்தது. அவசரமாக மூடிவிட்டு அட்டையைப் படமெடுத்தேன். மங்கலாக விழுந்தது.

"என்ன கை இப்படி ஆடுது? சாப்பிடலையா? இரு, சோறு இருக்கு."

"அக்கா, வேண்டாம். அந்தச் செய்தியை ஒரு தடவை திரும்ப எடுப்போம்" என்று ரிமோட்டை வாங்கினேன். செய்திப் பக்கத்துக்குப் போய், மேலே இருந்த வட்ட அம்பின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அது என்னது?"

"பக்கத்தைப் புதுசாக் கொண்டு வர்றது."

"இருக்கிறதே நல்லாத்தானே இருக்கு. அத எதுக்குக் கலைக்கிற?"

கட்டை விரல் பட்டன் மேல் இருந்தது. அழுத்த முடியவில்லை. எத்தனை டிவிப் பெட்டிகளைத் திறந்து மூடியவன் நான், அந்த ஒரு பட்டன் என் கைக்கு அடங்கவில்லை. ரிமோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு வாயால் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. அவன் வரமாட்டான் என்று சொன்னது மட்டும் காதில் கேட்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்தாள். "இதுல அப்படிப் போடலையே" என்றாள்.

"இது காலையில போட்டதுக்கா."

அவள் ரிமோட்டை எடுத்து, இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் அழுத்துகிற மாதிரி, உடம்பு பாரம் முழுக்க வைத்து அந்தப் பட்டனை அழுத்தினாள்.

திரை வெள்ளையானது. போனில் என்றால் கண் மூடித் திறப்பதற்குள் வந்திருக்கும். அந்த டிவிக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. முதலில் கப்பல் படம் வந்தது, அப்புறம் ஒரு விளம்பரம், அப்புறம்தான் எழுத்து. தூரத்தில் இருந்தும் தெரிகிற எழுத்து. அவள் எப்போதும் போல வாய்விட்டு வாசித்தாள், ஒவ்வொரு சொல்லாக. நிறுத்துக்கா என்றேன். நிறுத்தவில்லை. மகன் பெயர் வந்ததும் அதையும் வாசித்தாள். அவள் வைத்த பெயர், அதை இதுவரைக்கும் அத்தனை பெரிதாக அவள் பார்த்திருக்க மாட்டாள்.

வாசலில் எதிர்வீட்டு அம்மா விசும்புவது கேட்டது. அக்கா அழவில்லை. மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். ரிமோட்டை என் பக்கம் நீட்டினாள்.

"முன்னாடி இருந்ததக் கொண்டு வா தம்பி."

வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பின்னால் போகிற பட்டனை அழுத்தினேன். செய்தித்தளத்தின் முகப்பு வந்தது, அங்கேயும் அதே தலைப்பு. முன்னால் போனேன். அதே பெயர்.

"வரலக்கா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ டிவிக்காரன்தானே, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

நான் மறுபடியும் அழுத்தினேன்.