வட்டிச் சான்றிதழ் கேட்டு ஜெசிந்தா எழுதிய கடிதம்

ஜெசிந்தாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நல்ல வேலை, பையில் அடையாள அட்டை, காதில் எப்போதும் ஒரு ஹெட்போன். பார்த்தால் ஆளை அசத்துகிற மாதிரிதான் இருப்பாள். ஆனால் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் போதும், எடுக்காமலே அணைத்துவிடுவாள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

அவள் பொறியியல் படித்தது வங்கிக் கடனில். படிப்பு முடிந்தது, வேலை கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் தூத்துக்குடி வீட்டில் சும்மா கிடந்தாள். தவணை ஆரம்பித்தும் ஒரு ரூபாய் கட்டவில்லை. அப்போதுதான் வங்கிக்காக வசூல் செய்கிற ஆள் ஒருவன் பைக்கில் வந்தான். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "பிள்ளையப் படிக்க வைக்கத் தெரியுது, கடனக் கட்டத் தெரியாதோ?" என்று அவள் அப்பா மிக்கேலிடம் கேட்டான். கடன் பத்திரத்தில் மகளோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவர் அவர். உப்பு லாரி ஓட்டுகிறவர், யாருக்கும் தலை குனியாத மனுஷன். அன்றைக்குப் படியில் உட்கார்ந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றாள். வெளியே வரத் தைரியம் வரவில்லை. அந்த வெட்கம் இன்றுவரை அவளை விடவில்லை.

வேலை கிடைத்த மாதமே கட்ட ஆரம்பித்துவிட்டாள். மாதா மாதம் எட்டாயிரம். சம்பளம் விழுந்த அன்றே அனுப்பிவிடுவாள். மூன்றரை வருஷத்துக்கு மேலாக ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஆனால் அந்த வங்கிக் கிளைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கவில்லை. ஊருக்கு வந்தாலும் எதிர்ப்பக்க நடைபாதையில்தான் போவாள். கணக்கில் மீதி எவ்வளவு என்றுகூட ஒருநாளும் பார்த்ததில்லை. கட்டினால் குறையத்தானே செய்யும், பார்த்து என்ன ஆகப்போகிறது?

இப்படி இருந்தவளுக்கு டிசம்பரில் வருமான வரித் துறையிலிருந்து ஒரு செய்தி வந்தது. உங்கள் கணக்கில் கல்விக் கடன் வட்டிக்காகக் கோரிய வரிக் கழிவு அதிகமாகத் தெரிகிறது, சரிபாருங்கள், தவறு இருந்தால் மாதக் கடைசிக்குள் திருத்தித் தாக்கல் செய்யுங்கள் என்று.

விடுதி அறையில் உடன் இருக்கும் கமருன்னிசாவிடம் போனை நீட்டினாள்.

"கமர், என்னைப் புடிச்சிட்டாங்கடி."

"யாருடி? என்ன பண்ணித் தொலச்ச?"

"எனக்கே தெரியலடி. பாஸ்கர் அண்ணன்தான் எல்லாம் போட்டாரு."

பாஸ்கர் என்பவர் திருவான்மியூரில் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் மேசை போட்டு எல்லாருக்கும் வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறவர். ஜெசிந்தா வங்கிக்குப் போகப் பயந்து, அலுவலகத்தில் கடன் வட்டிக்குச் சான்று கேட்கும்போதெல்லாம் நழுவிவிடுவாள். வருஷா வருஷம் ஜூலையில், கணக்குத் தாக்கல் செய்ய அவரிடம் போய் நிற்பாள். இப்போது போன் போட்டுக் கேட்டதற்கு அவர் கூசாமல் சொன்னார்.

"மாசம் எட்டாயிரம், பன்னண்டு மாசம், தொண்ணூத்தாறாயிரம். உன் ஸ்டேட்மெண்ட்ல இருந்ததத்தாம்மா போட்டேன்."

"அது மொத்தத் தவணைண்ணே! வட்டிக்கு மட்டும்தானே கழிவு? அசலுக்குக் கிடையாதாமே!"

"அப்படியா?" என்றார் பாஸ்கர். "பேங்க்ல ஒரு வட்டிச் சான்றிதழ் வாங்கிட்டு வந்துரும்மா. பாத்துக்கலாம்."

பாத்துக்கலாமாம்! மூன்று வருஷமும் இதே லட்சணத்தில்தான் போட்டிருக்கிறார். அன்று ராத்திரி இணையத்தில் தேடினாள். தப்பாகக் கழிவு கோரினால் வரியைப் போல இரண்டு மடங்குவரை அபராதம் வரலாம் என்று எங்கோ போட்டிருந்தது. அவ்வளவுதான், சோறு இறங்கவில்லை. வரிக்காரர்கள் தூத்துக்குடித் தெருவுக்கு வருவார்கள், அப்பா மறுபடி படியில் உட்காருவார். அவள் மனசில் ஓடியது இந்த ஒரு காட்சிதான்.

கிளைக்கு மின்னஞ்சல் போட்டாள். பான் அட்டை நகலோடு நேரில் வந்து கடிதம் கொடுங்கள் என்று பதில் வந்தது. நேரில்! அதைத்தானே இத்தனை வருஷம் தவிர்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் எழுதிய கடிதத்தைக் கமர் படித்தாள். 'கனம் பொருந்திய ஐயா, முன்பு தவணை கட்டத் தவறியதற்கு மனமார வருந்துகிறேன், தாங்கள் பெரிய மனது வைத்து…'

"ஏண்டி, இது என்ன தூக்குத் தண்டனைக் கைதி போடுற கருணை மனுவா? சான்றிதழ் குடுக்க வேண்டியது அவங்க கடமைடி. உன் பழைய புராணத்தை எல்லாம் எதுக்கு நீயே எடுத்துக் குடுக்குற?"

"கோவத்துல இல்லன்னுட்டாங்கன்னா?"

"ஆமா, மேனேஜர் உன் மேல கோவிச்சுக்கிட்டு மூலையில போய் உக்காந்திருக்காரு. எழுதுடி ஒழுங்கா."

இருவரும் சேர்ந்து எழுதியது இதுதான்:

'பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள். பொருள்: கல்விக் கடன் வட்டிச் சான்றிதழ் வேண்டுதல். ஐயா, தங்கள் கிளையில் நான் பி.இ. படிப்புக்காகக் கல்விக் கடன் பெற்றுள்ளேன். என் தந்தை திரு. சூ. மிக்கேல் இணைக் கடன்தாரர். கடந்த மூன்று நிதியாண்டுகளில் நான் செலுத்திய தொகையில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்பதை ஆண்டுவாரியாகக் காட்டும் சான்றிதழை, வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவில் கழிவு கோருவதற்காக வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடன் கணக்கு எண்ணும் பான் அட்டை நகலும் இணைக்கப்பட்டுள்ளன.'

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்த கையோடு, திங்கட்கிழமை காலையில் கிளம்பினாள். வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரமான கலகலா பொரிக்கிற வாசனை. வரிச் செய்தியை மகள் சொல்லக் கேட்டிருந்த மிக்கேல், இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார்.

"எங்க கிளம்பிட்டிய, அப்பா?"

"ஒத்தையில போவாத பிள்ள. நானுந்தான கையெழுத்துப் போட்டேன்? ஜெயில்னா ரெண்டு பேரும் சேந்து போவோம்."

"ஜெயிலா? யாருப்பா சொன்னா?"

"ஒம் மூஞ்சியப் பாத்தா அப்பிடித்தாம்டி இருக்கு."

வங்கி வாசல்வரை வீறாப்பாக வந்தார். கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. "நீ போய்ட்டு வா. நா இங்கன ஏடிஎம் பக்கத்துல நிக்கேன்," என்றார். பாவம், அவருக்கும் அதே பயம்தான். மகளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

கடன் பிரிவில் உமையாள் என்கிற அதிகாரி இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். மேசையில் பாதி கடித்த உளுந்த வடை. கடிதத்தைப் படித்து, ஜெசிந்தாவின் பிரதியில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்திக் கொடுத்தாள். பிறகு கணக்கு எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். ஜெசிந்தாவுக்கு உள்ளங்கை வேர்த்து, கைப்பையின் வார் நழுவியது.

"இது வாராக் கடனா இருந்த கணக்குல்லாம்மா?"

போச்சு. "ஆமா மேடம். அப்போ வேலையில்ல. இப்போ மாசாமாசம் கட்டுறேன் மேடம். ஒரு மாசம்கூட விடல."

"அதான் தெரியுதே. எதுக்கு இப்பிடி நடுங்குற? தண்ணியக் குடி."

குடித்தாள். பாதி துப்பட்டாவில் கொட்டியது. மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாஸ்கர், தொண்ணூற்றாறாயிரம், வரித் துறைச் செய்தி, அபராதம் எல்லாம். உமையாள் வடையை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாரும் பண்ற தப்புத்தாம்மா இது. தவணை முழுசையும் வட்டின்னு போட்டுருதாங்க. போன வாரம்கூட ஒரு பையன் வந்து அழுதான். பாதிக்கு மேல அசல், திருத்திக் கட்டப் போனான்."

"நானும் கட்டணுமா மேடம்?"

உமையாள் அச்சிடக் கொடுத்தாள். இயந்திரம் முக்கி முனகி ஒரு தாளைத் துப்பியது. கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து நீட்டினாள்.

மூன்று வருஷம், மூன்று வரிசை. செலுத்திய தொகை தொண்ணூற்றாறாயிரம். வட்டி தொண்ணூற்றாறாயிரம். மூன்று வரிசையிலும் அதேதான்.

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. இரண்டு தடவை படித்தாள்.

"நீ படிக்கிறப்போ ஏறின வட்டி, வேலையில்லாம இருந்தப்போ ஏறின வட்டி, எல்லாம் மலை மாதிரி நின்னுச்சும்மா. வருஷா வருஷம் புது வட்டி வேற. நீ கட்டுறது மொதல்ல வட்டிக்குத்தான் போகும். அது தீந்த பிறகுதான் அசலைத் தொடும். நீ எந்த வருஷம் கட்டுறியோ அந்த வருஷம் அந்த வட்டிக்குக் கழிவு உண்டு, பழைய பாக்கி வட்டியா இருந்தாலும். உங்க பாஸ்கர் தெரியாமப் போட்டாலும் சரியாத்தான் போட்டிருக்காரு. ஒண்ணும் திருத்த வேண்டாம். கழிவு சரின்னு அவங்க தளத்துலயே பதில் போட்டுரு, இந்தத் தாளைப் பத்திரமா வச்சிக்க."

அப்பாடா! தலையிலிருந்து பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது. அந்த அம்மாள் காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது. எழுந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"மேடம், அப்ப அசல்?"

உமையாள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அசல் அப்படியேதாம்மா இருக்கு. மூணு லட்சத்து எண்பதாயிரம். பழைய வட்டியும் இன்னும் கொஞ்சம் கெடக்கு. முடிஞ்சா தவணையக் கூட்டிக் கட்டு."

வெளியே வெயில் கொளுத்தியது. மிக்கேல் ஏடிஎம் சுவரோடு ஒட்டி நின்றார். மகள் கையில் தாளைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

"என்னட்டி சொன்னாவ? வருவாவளா வீட்டுக்கு?"

"வரமாட்டாவ. எல்லாம் சரியா இருக்காம்ப்பா. ஒரு ரூபாகூடத் தப்பில்லயாம்."

"மாதாவே!" மிக்கேல் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். மூச்சு வாங்கியது. வெகு நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். "நாந்தான் சொன்னேம்லா, எம் மவ தப்புப் பண்ணமாட்டான்னு. நம்ம தெருவுல எல்லாருட்டயும் சொல்லிட்டுதாம்ல இருக்கேன், பாதிக் கடன அடைச்சிட்டா எம் பிள்ளன்னு. எம்புட்டு கொறஞ்சிருக்கு? பாதிக்கு மேலயே இருக்கும், என்ன?"

ஜெசிந்தா தாளை மடித்தாள். பொய் சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை, 'ஆமாப்பா'. நாக்கு நுனிவரை வந்தது. அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்றது ஞாபகம் வந்தது.

"கொறயலப்பா."

"என்னது?"

"நா கட்டுனதெல்லாம் வட்டிக்குத்தான் போயிருக்கு. அதனாலதான் வரிக் கணக்கு சரியாப் போச்சு. கடன் அப்பிடியே நிக்குப்பா. வாங்கினது வாங்கின மாதிரியே."

மிக்கேலின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. வங்கியின் படியில் மெல்ல உட்கார்ந்தார். கண் செருப்புக்குப் போனது. எந்தக் காட்சிக்குப் பயந்து ஜெசிந்தா தூக்கமில்லாமல் கிடந்தாளோ, அதே காட்சி. கூச்சல் போட ஆள் வரவில்லை. அவளேதான் சொல்லியிருந்தாள்.

இந்த முறை அவள் கதவு தேடவில்லை. சான்றிதழைக் கைப்பையில் வைத்துவிட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்தார்கள்.

"இனி மாசம் எம்புட்டுக் கட்டணும்?" என்று கேட்டார் மிக்கேல், தலையைத் தூக்காமலே.

"பன்னண்டாயிரம் கட்டலாம்னு இருக்கேன்ப்பா."

"முடியுமா பிள்ள?"

"தெரியலப்பா," என்றாள் ஜெசிந்தா. "பயமாத்தான் இருக்கு."

அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குந்தான் பிள்ள," என்றார்.